"ரிப்போர்ட் ரெடி பண்ணிடுங்க" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வீர்கள்?

நிலா_வேலை: வாடிக்கையாளர் புகார்களைப் பார்ப்பது என் வேலை. போன வாரம் மேலாளர் என் மேசையைக் கடந்து போகிற போக்கில், "புகார் ரிப்போர்ட் ஒன்று ரெடி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். எப்போது வேண்டும், யாருக்கு, எக்செல்லா வேர்டா, எதுவும் தெரியாது. திரும்பிப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கோப்புக்காரன்: கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "எப்போ வேணும் சார்?" மற்றதெல்லாம் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாளைக்கே என்றால் ஒரு பக்கம், அடுத்த மாதம் என்றால் விரிவாக.

செல்வி_கணக்கு: தேதி முக்கியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. நாளைக்கே வேண்டும் என்பதும் இருபது பக்கமாக இருக்கலாம். நான் முதலில் கேட்பது, "இதை யார் கேட்டார்கள், பார்த்துவிட்டு என்ன முடிவு செய்யப் போகிறார்கள்?" பாதி நேரம் மேலாளருக்கே மேலிடத்திலிருந்து போனில் ஒரு வரிதான் வந்திருக்கும். அவருக்கும் வடிவம் தெரியாது. அதனால் வெறும் கேள்வியாக அனுப்பாமல், என் ஊகத்தை எழுதி அனுப்புவேன். இப்படி:

"சார், புகார் ரிப்போர்ட் வியாழன் மதியத்துக்குள், இயக்குநர் கூட்டத்துக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கச் சுருக்கம், பின்னால் எக்செல் பட்டியல். கடந்த 3 மாதம், புகார் வந்த தேதிப்படி. வேறு மாதிரி வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்."

ஒருமுறை அதற்கு வந்த பதில், "இயக்குநருக்கு இல்லம்மா, சப்ளையரிடம் பேச." எல்லாமே மாறிவிட்டது! வாடிக்கையாளர் பெயர்களை எடுக்க வேண்டியிருந்தது. அந்த சப்ளையரின் பொருள் சம்பந்தப்பட்ட புகார்கள் மட்டும் போதும் என்றாகிவிட்டது. "வந்த தேதிப்படி" என்ற வார்த்தையையும் விட்டுவிடாதீர்கள். மார்ச்சில் வந்து ஏப்ரலில் முடிந்த புகாரை எந்த மாதத்தில் சேர்ப்பது என்பதில்தான் இரண்டு பேரின் எண்ணிக்கை ஒத்துப்போகாது.

மழைக்காலம்: எங்கள் மேலாளர் எல்லாம் தெளிவாகத்தான் சொல்வார். கொடுத்த பிறகு எழுத்துருவை மாற்று, நிறத்தை மாற்று என்பார். அதற்கு என்ன வழி?

செல்வி_கணக்கு: அது வேறு தலைவலி! ஆனால் தலைப்புகளும் காலி அட்டவணையும் மட்டும் போட்டு முன்கூட்டியே காட்டினால் கொஞ்சம் குறையும். எண்களை நிரப்பும் முன் மாற்றுவது சுலபம்.

கோப்புக்காரன்: மெயிலுக்குப் பதிலே வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செல்வி_கணக்கு: வடிவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். யாருக்குப் போகிறது என்பதற்கு மட்டும் கூடாது, வெளியாள் கைக்குப் போய்விட்டால் திரும்பப் பெற முடியாது. அதற்கு நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

கோப்புக்காரன்: எங்கள் ஆபீசில் நேரில் போனால், "இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். எனக்கு மெயிலே போதும்.

நிலா_வேலை: ஊகத்தை எழுதி அனுப்பிவிட்டேன். "சரி, ஆனா 6 மாசம் எடுங்க" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. யாருக்கு என்பதற்கு இன்னும் பதில் இல்லை, மாலை டீ நேரத்தில் பிடிக்க வேண்டும்.