புதுப்பிப்பு: டேட்டா சேவரும் திறக்காத படிவமும்

"பிரவுசரின் டேட்டா சேவரில் கல்லூரி விண்ணப்பத்தின் மாவட்டப் பட்டியல் திறக்கவில்லை. சேமித்த வரைபடமும் மங்கல். போன் கோளாறா?"

போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நண்பர் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உள்ள Data Saver-ஐ நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன், பலனில்லை. அது பின்னணிச் செயலிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. இன்னொருவர், பிரவுசரின் சேவர் படங்களை மட்டுமே சுருக்கும் என்றார். பாதி சரி.

வலைத்தளம் உருவாக்கும் அக்கா ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். ஓபரா மினி பிரவுசரின் Extreme போன்ற சேவர் நிலையில் பக்கம் முதலில் பிரவுசர் நிறுவனத்தின் சர்வரில் திறந்து, சுருங்கிய வடிவில் போனுக்கு வருகிறது. பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அங்கேயே ஓடுவதால், மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாறவேண்டிய பட்டியல் அசையவில்லை. வரைபடத்தை அழுத்திச் சேமித்தபோது சுருக்கிய நகல்தான் கிடைத்திருக்கிறது.

பூட்டுக் குறியுள்ள பக்கத்தையும் அந்த சர்வர் பிரித்துப் படிக்க வேண்டியிருப்பதால், வங்கி, கட்டணம், படிவம் என்றால் முதலில் பிரவுசரின் சேவரை அணைத்துவிடுங்கள். அப்புறம் பக்கத்தைப் புதிதாகத் திறக்க வேண்டும்.

அணைத்ததும் பட்டியல் திறந்தது, வரைபடமும் தெளிவு. புகைப்படப் பதிவேற்றம் மட்டும் ஒருமுறை பாதியில் நின்றது, காரணம் இன்னும் பிடிபடவில்லை.