கிராஸ் டாக்கிங்: ஐட்டம் வாரியாக வரும் லாரியை எப்படிச் சமாளிப்பது?

வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் குடோனில் பிஸ்கட், சோப்புப் பெட்டிகளை ரேக்கில் ஏற்றாமல், இறக்கிய கையோடு வெளியூர் வண்டிகளுக்கு மாற்றுகிறோம். சென்னை லாரி காலை 5 மணிக்கு 300 பெட்டியோடு வரும். கடலூர், பண்ருட்டி, திண்டிவனத்துக்கு 3 டாடா ஏஸ் 7 மணிக்குள் கிளம்ப வேண்டும். தினமும் ஓடுகிற, ஆர்டர் முன்பே உறுதியான சரக்கு என்பதால் இந்த முறை கச்சிதம். எப்போதாவது விற்பதை ஸ்டாக்கில்தான் வைக்கிறோம்.

சிக்கல் ஏற்றும் இடத்தில். பெட்டிகள் ஊர்வாரியாக இல்லாமல் ஐட்டம் வாரியாக அடுக்கி வருகின்றன. சோப்பு முழுக்க கேபின் பக்கம் இருந்தால், லாரி காலியாகும்வரை ஒரு ஏஸும் நகராது. அதற்குள் தரை நிரம்பி, பண்ருட்டிப் பெட்டி திண்டிவனக் குவியலில் சேர்ந்துவிடுகிறது. மூன்று வண்டியும் மாநில எல்லை தாண்டுபவை. இ-வே பில்லில் வண்டி நம்பர் ஏறிய பிறகு பெட்டியை மாற்றி ஏற்றுவது தலைவலி.

சென்னையிலேயே ஊருக்கொரு கலர் ஸ்டிக்கர் ஒட்டி, முதலில் கிளம்பும் ஊரின் சரக்கைக் கதவுப் பக்கம் கடைசியாக ஏற்றச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறீர்களா? ஏற்றுகூலி பெட்டிக்கு எவ்வளவு கூடுகிறது? ஒன்றிரண்டு பெட்டி குறைந்தால் வண்டியை நிறுத்துவீர்களா, அனுப்பிவிட்டு மறுநாள் சேர்ப்பீர்களா?