முதல் விளம்பரத்துக்கு 420 வெள்ளி: நோக்கம், ஆட்கள், நாள் பட்ஜெட் (அனுபவப் பகிர்வு)

தேக்கா தையல்:
தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கு. ரவிக்கை தைக்கும் சின்னக் கடை, இணையதளம் கிடையாது, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 420 வெள்ளி ஒதுக்கியிருக்கேன். லைனிங் வைத்த ரவிக்கைக்கு 50 வெள்ளி வாங்குறோம், துணி கூலி போக 20 நிற்கும். விசாரிக்கிற நாலு பேரில் ஒருவர் தைக்கக் கொடுப்பார். Ads Manager திறந்ததும் ஆறு நோக்கம் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது. அனுபவம் உள்ளவங்க எதை எடுப்பீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம்?

பொங்கோல் வாசி:
Traffic எடுங்க அக்கா. இருப்பதிலேயே அதில்தான் கிளிக் மலிவு. வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுத்துட்டா நேரா உங்க போனுக்கு வந்துடுவாங்க.

கணக்குப்பிள்ளை:
கிளிக் மலிவு என்பது சரிதான் தம்பி. ஆனா அக்காவுக்கு வேண்டியது கிளிக் இல்லை, விசாரணை. நாம எதைக் கேட்கிறோமோ அதைச் செய்யக்கூடிய ஆளைத்தான் அந்த இயந்திரம் தேடிப் போகும். கிளிக் கேட்டா, எதைப் பார்த்தாலும் தட்டுகிற பழக்கம் உள்ளவங்களுக்குக் காட்டும். அவங்க தட்டுவாங்க, வாட்ஸ்அப் திறக்கும், ஒரு வரிகூட எழுதாம மூடிடுவாங்க. அறிக்கையில் முந்நூறு கிளிக், கடை போனில் ரெண்டே செய்தி என்று இருந்தா, துணியிலோ படத்திலோ குறை தேட வேண்டாம். நோக்கம்தான் தப்பு.

அக்கா, உங்களுக்கு Engagement. உள்ளே போனதும் விளம்பரம் எங்கே கொண்டுபோய் விடணும்னு கேட்கும், அங்கே வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்க. அடுத்து எதைக் கூட்டித் தரணும்னு கேட்கும் இடத்தில் உரையாடல் எண்ணிக்கையை வையுங்க. Sales உங்களுக்கு இப்போ வேண்டாம். வாங்கினவங்க யார்னு அதுக்குச் சொல்ல உங்ககிட்ட இணையதளம் இல்லை.

செங்காங் துணைப்பாடம்:
எங்க வகுப்புக்கு Leads போட்டோம். படிவம் நிறைய வந்தது, போன் பண்ணினா பாதிப் பெற்றோர் "நான் எதுவும் நிரப்பலையே" என்கிறாங்க. அப்போ இந்த வாட்ஸ்அப் வழிதான் எல்லாருக்கும் நல்லதா?

கணக்குப்பிள்ளை:
உங்க விஷயம் வேற. அந்தப் படிவத்தில் பெயரும் எண்ணும் அவங்க கணக்கிலிருந்து தானாகவே நிரம்பிடும். ரெண்டு தட்டு தட்டினா போயிடும், பிறகு நினைவு இருக்காது. படிவ வகையை Higher intent ஆக மாற்றுங்க, அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும். பிள்ளை தொடக்கநிலை எத்தனை என்று கையால் பதில் எழுதும் கேள்வி ஒன்றையும் சேருங்க. எண்ணிக்கை குறையும், போனை எடுப்பவங்க மிஞ்சுவாங்க.

பொங்கோல் வாசி:
சரிண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் மொழியைத் தமிழ்னு வச்சா நேரா நம்ம சனத்துக்குப் போகுமே?

கணக்குப்பிள்ளை:
இங்கேதான் நிறையப் பேர் வழுக்குறாங்க. அந்த மொழி வடிகட்டி வீட்டில் என்ன பேசுறோம்னு பார்க்காது, செயலியை எந்த மொழியில் வச்சிருக்கோம்னுதான் பார்க்கும். சிங்கப்பூரில் வாயாரத் தமிழ் பேசுகிற பெண்களே பேஸ்புக்கை ஆங்கிலத்தில்தான் வச்சிருப்பாங்க. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழையே அதிகம் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. ஏற்கெனவே சிறிய கூட்டம். அதையும் மொழியால் வெட்டினா, மிஞ்சின கொஞ்சப் பேருக்கே திரும்பத் திரும்பக் காட்டும். அறிக்கையில் Frequency என்ற எண் வேகமா ஏறும், விசாரணைச் செலவும் கூடவே ஏறும். அதோட, ரவிக்கை தைப்பது தமிழர் மட்டுமா? மலையாளி, தெலுங்குக்காரர், வட இந்தியர் எல்லாரும் உங்க வாடிக்கையாளர்தானே.

சிங்கப்பூர் முழுதும், பெண்கள், 25 முதல் 55 வயது, மொழிப் பெட்டி காலி. இது போதும். ஆட்களைத் தானே தேடிக்கிற Advantage+ audience இயங்கினா அந்த வயதையும் பாலினத்தையும் வெறும் யோசனையாத்தான் எடுத்துக்கும், இடத்தை மீறாது. சேலையும் ரவிக்கையும் படத்தில் தெரிந்தாலே வேண்டாதவங்க கடந்து போயிடுவாங்க.

உட்லண்ட்ஸ் அச்சகம்:
இடத்தில் ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் குண்டூசி குத்தி 10 கிலோமீட்டர் வட்டம் போடுறவங்க கவனிங்க. உட்லண்ட்ஸில் குத்தினா வட்டத்தில் பாதி ஜோகூர் பாருவில் விழும். +60 எண்ணிலிருந்து விலை கேட்டே நாள் போயிடும். நாட்டின் பெயரைக் கொடுத்துட்டா இந்தத் தொல்லை இல்லை.

தேக்கா தையல்:
மொழியைத் தமிழ்னு வைக்க இருந்தேன், நல்லவேளை! பட்ஜெட்டுக்கு வாங்க. ஆட்களையும் பட்ஜெட்டையும் குறிக்கிற ஆட் செட்டை மூணு வகை ரவிக்கைக்கு மூணா வச்சு, ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 10 வெள்ளி. சரியா வருமா?

கணக்குப்பிள்ளை:
வராதுக்கா. உங்க எண்ணிலிருந்தே போடுவோம். ஒரு ரவிக்கையில் 20 வெள்ளி நிற்குது, நாலு விசாரணைக்கு ஒரு ஆர்டர். அப்போ ஒரு விசாரணைக்கு 5 வெள்ளி வரைதான் தாங்கும். அதுக்கு மேல போனா கைக்காசு போட்டுத் தைச்சுக் கொடுக்கிற மாதிரி.

ஆட் செட் ஒவ்வொன்றும் நிலைக்கு வர ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 விசாரணை வேணும், அதுவரை கற்றுக்கொள்ளும் கட்டம். விசாரணை 5 வெள்ளிக்கு விழுந்தா, 10 வெள்ளி ஆட் செட்டுக்கு நாளைக்கு ரெண்டு, வாரத்துக்கு 14. மூணுமே Learning limited என்று நிற்கும், எந்த ரவிக்கை நல்லா ஓடுதுன்னும் தெரியாது. அதே 30 வெள்ளியை ஒரே ஆட் செட்டில் போட்டா வாரத்துக்கு 42. ஐம்பதை எட்டலை, ஆனா பக்கத்தில் வந்துடும். மூணு ரவிக்கையையும் மூணு விளம்பரமா அந்த ஒரே செட்டுக்குள்ள வையுங்க. 14 நாள் ஓட்டினா உங்க 420 கணக்கு நேராகுது.

ஜூரோங் மெக்கானிக்:
கவனம், நாளைக்கு 30 போட்டா சில நாள் இரட்டிப்பா 60 எடுத்துடுவான்.

கணக்குப்பிள்ளை:
இரட்டிப்பு கூகுள் விளம்பரத்தில். மெட்டாவில் ஒரு நாளில் 75 விழுக்காடு வரை கூடுதலா எடுக்கலாம், அதாவது 52.50 வெள்ளி வரை. ஆனா வாரத்துக்கு ஏழு மடங்கு, 210 வெள்ளியைத் தாண்டாது. முதல் செவ்வாய்க்கிழமையே 48 வெள்ளி போயிடுச்சேன்னு பதறி நிறுத்திடாதீங்க. இன்னொன்று, பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத கடைன்னா மேலே 9 விழுக்காடு வரி வரும். 420 என்பது 457.80 ஆகும். முடிவுத் தேதியைப் போட்டுடுங்க, மறந்தா ஓடிக்கிட்டே இருக்கும்.

முதல் ஏழு நாள் கை வைக்காதீங்க. படத்தையோ ஆட்களையோ மாற்றினாலும், பட்ஜெட்டை ஒரேயடியா ஏற்றினாலும், கற்றது கலைஞ்சு முதலிலிருந்து தொடங்கும். மூணாம் நாள் விசாரணை 8 வெள்ளிக்கு விழுந்தாலும் பொறுங்க. ஏழு நாள் கழிச்சும் 8 வெள்ளின்னா அப்போ படத்தை மாற்றலாம்.

உட்லண்ட்ஸ் அச்சகம்:
விலையைப் படத்திலேயே போடுங்கக்கா. "லைனிங் ரவிக்கை 50 வெள்ளி, 10 நாளில்" என்று. விலை மட்டும் கேட்டுட்டுப் போறவங்க குறைவாங்க.

கணக்குப்பிள்ளை:
அதில் நான் முழுக்க உடன்படலை. விலை போட்டா விசாரணை குறையும், குறைஞ்சா அந்த ஐம்பது இன்னும் தூரமாகும். முதல் வாரம் விலை இல்லாம ஓட்டலாம்னு என் எண்ணம்.

உட்லண்ட்ஸ் அச்சகம்:
20 விசாரணை வந்து 10 பேர் தைக்கக் கொடுத்தா போதாதா அண்ணே? அந்த ஐம்பதைத் துரத்தி என்ன பண்ண?

தேக்கா தையல்:
ரெண்டையும் போட்டுப் பார்க்கிறேன். முதுகுப்பக்கம் நாடா கட்டும் 12 வினாடி வீடியோ, ஒன்றில் விலையோட, ஒன்றில் விலை இல்லாம, ஒரே ஆட் செட்டுக்குள்ள. எந்த விளம்பரத்திலிருந்து யார் வந்து தைக்கக் கொடுத்தாங்கன்னு அளவு நோட்டில் ஒரு பத்தி கூடுதலா கோடு போட்டு வச்சிருக்கேன். திங்கள் காலை தொடங்குது.