திருநெல்வேலி பெருமாள்புரம் வீட்டை வாடகைக்கு விட விளம்பரம்: எதை மாற்றணும்?

கேட்டவர் (மெல்போர்னுக்குப் புதுசு): புரோக்கர் எழுதித் தந்தது இது: "900 சதுர அடியில் விசாலமான 2 பெட்ரூம். ஜங்ஷனுக்கு மிக அருகில். 24 மணி நேரத் தண்ணீர்." அப்படியே போடலாமா? இங்கிருந்து என்னால் நேரில் காட்ட முடியாது.

துபாய் அண்ணாச்சி: 900 என்பது சூப்பர் பில்டப், அதாவது சுவர், படிக்கட்டு, பொது இடம் எல்லாம் சேர்த்த கணக்கு. அதில் 70 சதவீதம்தான் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ளே புழங்கும் இடம். 630 என்று போடுங்க.

தோஹா அக்கா (சிவில் இன்ஜினியர்): அண்ணாச்சி, அது உத்தேசக் கணக்குதான். பில்டிங்குக்குப் பில்டிங் மாறும், அளந்துதான் சொல்லணும். ஊரில் இருக்கும் தம்பியை டேப்போடு அனுப்புங்க. ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு மேலே, சுவருக்குச் சுவர் அளக்கணும். 2016 ரெரா சட்டப்படி உள்தடுப்புச் சுவர் கார்ப்பெட் ஏரியாவில் சேரும். வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி சேராது.

சிங்கப்பூர் தம்பி: நான் இங்கே ரூம் தேடுறேன். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கம் என்று போட்டிருந்தாங்க, போய்ப் பார்த்தால் பஸ் ஏறணும். யாரிடம் புகார் பண்றது?

தோஹா அக்கா: தம்பி, அதைத் தனியாகக் கேளுங்க. ஆனால் ஜங்ஷனுக்கு மிக அருகில் என்பதும் அதே கதைதான். மேப்பில் நேர்கோடு போட்டால் பக்கமாகத்தான் தெரியும். நடுவில் தாமிரபரணி ஓடுது, பாலம் ஏறித்தான் போகணும். கேட்டிலிருந்து ரோட்டு வழியைப் போட்டுப் பாருங்க.

கேட்டவர்: தம்பி அளந்துட்டான். ஹால் 18×11, பெட்ரூம் 12×11, 11×10, கிச்சன் 9×8, பாத்ரூம் 8×5, 7×4, நடை 10×3.5. பால்கனி 10×4.

தோஹா அக்கா: கூட்டினால் 615. உள்சுவருக்கு 25 சதுர அடி என்று வைத்தால் 640 வரும். சுவரின் கனத்தையும் அளக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கங்க. பால்கனி 40 தனி. விசாலம் என்ற வார்த்தையே வேண்டாம், ஹால் அளவைப் பார்த்தே சோபா போடலாமா என்று அவங்க முடிவு பண்ணிக்குவாங்க. இப்படி எழுதுங்க:

"2 பெட்ரூம். கார்ப்பெட் ஏரியா 640 ச.அடி, பால்கனி 40. ஹால் 18×11 அடி. கேட்டிலிருந்து ரோட்டு வழி ஜங்ஷன் சுமார் 5 கி.மீ., புது பஸ் ஸ்டாண்டு சுமார் 2 கி.மீ. போர்வெல் உண்டு, மேல் தொட்டி 1000 லிட்டர். மாநகராட்சிக் குடிநீர் __ நாளுக்கு ஒருமுறை."

தூரத்தையும் தொட்டி அளவையும் தம்பியிடம் உறுதி பண்ணிக்கங்க. கடைசியில் விட்டிருக்கும் காலி இடத்தை நிரப்பாமல் போடாதீங்க. குடி வந்த பிறகு வரும் முதல் சண்டை தண்ணிக்குத்தான் வரும்.

கேட்டவர்: புரோக்கர் ஒத்துக்கமாட்டேங்கிறார். மற்ற வீடெல்லாம் 900, 1000 என்று இருக்கும்போது 640 என்று போட்டால் யாரும் போனே பண்ணமாட்டாங்களாம்.

துபாய் அண்ணாச்சி: அவர் சொல்றதும் நியாயம்தானே. ரெண்டையும் போட்டால் என்ன? "சூப்பர் பில்டப் 900, கார்ப்பெட் 640".

தோஹா அக்கா: போடலாம். ஆனால் 640 முதலில் வரணும், வாடகையும் அதை வைத்துத்தான் பேசணும்.

கேட்டவர்: வாடகையை அவர் 900-க்குத்தான் கணக்குப் போட்டிருக்கார். அதைக் குறைக்கிறதா வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்கணும்.