லாரி பொம்மையாகிப்போன கதை: ரம்பப்பல் கூரைத் தொழிற்சாலையைப் படமாக்கியவர்களின் அனுபவங்கள்

மண்கோடு:
கணினியில் ஒரு தொழிற்சாலையின் வெளிப்புறத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கினேன். ரம்பப்பல் கூரை, சரக்கு மேடை, மேடையை ஒட்டி இரண்டு டிரெய்லர் லாரிகள், மேலே முழு மேகமூட்டம். வாடிக்கையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "லாரிகள் பொம்மை மாதிரி இருக்கின்றனவே." லாரியைத் திரும்பத் திரும்ப அளந்தேன். உயரம் 4 மீட்டர், அகலம் 2.55 மீட்டர்; பிழை அதில் இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. கூரைப் பற்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று கட்டடத்தை மட்டும் 1.35 மடங்கு பெருக்கியிருந்தேன்! 1.2 மீட்டர் மேடை 1.62 ஆகிவிட்டது. லாரியின் தளமோ 1.2 மீட்டரிலேயே நிற்கிறது. யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

நூல்குண்டு:
எனக்கு நேர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அடிவானக் கோட்டைத்தான் நம்புகிறேன். தரை சமமாக இருந்து, கேமரா 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அக்கோடு கிட்டத்தில் நிற்கும் பொருளையும் எட்டத்தில் நிற்கும் பொருளையும் தரையிலிருந்து அதே 1.6 மீட்டரில்தான் வெட்டும். மேடைமேல் ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். கோடு அவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். உங்கள் படத்தில் அது மேடை விளிம்போடு ஒட்டிப் போயிருக்கும்.

இன்னொரு தடயம், மேடைமேல் சுவரில் இருக்கும் சரக்குக் கதவின் மேல்விளிம்பு. 3 மீட்டர் கதவு என்றால் அது தரையிலிருந்து 4.2 மீட்டரில் இருக்கும். லாரியின் உச்சி அதற்குச் சற்றுக் கீழே முடியும். நீங்கள் பெருக்கியதில் மேல்விளிம்பு 5.67 மீட்டருக்குப் போய்விட்டது. லாரிக்கு மேலே ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலான வெற்றிடம்! கண் அதைத்தான் 'பொம்மை' என்று படித்திருக்கிறது.

பின்சக்கரம்:
நான் படம் வரைகிறவன் அல்ல, பல ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவன். அளவெல்லாம் சரியாக இருக்கும் படங்களில்கூட ஒன்று உறுத்தும். மேடையில் நிற்கும் டிரெய்லரின் பின்கதவுகள் மூடியிருக்கும். இரண்டு பக்கமும் திறக்கும் கதவு என்றால், பின்னால் எடுப்பதற்கு முன்பே இறங்கித் திறந்து, பக்கவாட்டில் மடக்கிக் கொக்கி மாட்டிவிடுவோம். முட்டிய பிறகு திறக்க இடமேது? மேடைச் சுவரில் தடித்த ரப்பர் கட்டைகள் இருக்கும்; வண்டி அவற்றில்தான் முட்டும், சுவரில் அல்ல. அந்தக் கட்டைகளைச் சுற்றிக் கருப்புத் தேய்மானத்தை வரைந்தால் அந்த இடம் புழங்கிய இடமாகத் தெரியும்.

வெயில்விரும்பி:
மேகமூட்டத்தில் நிழலே விழாது, அதனால் ஒளியைப் பற்றிக் கவலை வேண்டாம். ரம்பப்பல்லின் கண்ணாடிப் பக்கம் எப்போதும் வடக்கு நோக்கியே இருக்கும். அதை மட்டும் கவனியுங்கள்.

நூல்குண்டு:
இரண்டுமே பாதி சரி. நேர் வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காகத்தான் வடக்கு. பூமியின் தென்பாதியில் அதே காரணத்துக்காகக் கண்ணாடி தெற்கே திரும்பும். நிழல் விஷயத்தில், விளிம்பு கூர்மையான நிழல்தான் விழாது. லாரியின் அடியிலும், டயர் தரையைத் தொடும் இடத்திலும் வானம் எட்டிப்பார்க்காது. அங்கே இருட்டு திரண்டு கிடக்கும், வெளியே வர வர மெல்லக் கரையும். அந்த இருட்டை விட்டுவிட்டால் லாரி மிதக்கும். தட்டை ஒளியில் எடையைக் காட்டுவது அந்த ஒன்றுதான்.

தகரக்கொட்டகை:
எங்கள் பட்டறையிலும் இதே கூரைதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள வாய்க்கால் அடைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிறது. என்ன பூசினால் நிற்கும்?

மண்கோடு:
ஐயா, இது படத்தைப் பற்றிய பேச்சு. ஆனாலும் நன்றி; வாய்க்கால் முடியும் இடத்தில் சுவரில் ஒரு நீர்க்கறையை இறக்கிவிட்டேன், பொருந்திவிட்டது.

கட்டடத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டேன். கூரை எடுபடாததற்குக் காரணம் வேறு. கேமரா சுவரிலிருந்து 25 மீட்டரில் இருந்தது. 16.5 மீட்டர் லாரி சுவரிலிருந்து என்னை நோக்கி நீண்டு நின்றதால், அதன் முகப்பு வெறும் எட்டரை மீட்டரில் வந்து கூரையை அமுக்கிவிட்டது. 70 மீட்டருக்குப் பின்வாங்கி, நீண்ட லென்ஸ் போட்டேன். பற்கள் தாமாகவே எழுந்துவிட்டன.

கண்ணாடியை எவ்வளவு வெளிச்சமாக விடுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வானத்தைப் பிரதிபலித்து வெளிறியிருக்குமா, உள் இருட்டைக் காட்டுமா?

நூல்குண்டு:
செங்குத்துக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் இருட்டுதான்.

பின்சக்கரம்:
நான் பார்த்த கூரைகளில் தூசி படிந்து எல்லாம் வெளிறித்தான் இருந்தன. உள்ளே விளக்கு எரியும்போது மட்டும் மஞ்சளாகத் தெரியும்.