ஞாயிற்றுக்கிழமை வேலை அறிவிப்பு: யார் கேட்டு யார் வந்தார்கள்?

முத்து (துவாஸ்): எங்கள் யார்டில் ஞாயிறு வேலைக்கு ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மேலே ஆங்கிலத்தில், அவசர வேலை இருப்பதால் கம்பெனிக்கு ஆட்கள் தேவை, சூப்பர்வைசரிடம் பெயர் கொடுங்கள் என்று இருந்தது. கீழே தமிழில், "ஞாயிறு வேலை செய்ய விரும்புவோர் அனுமதி பெற்றுப் பெயர் கொடுக்கலாம்." படிக்க மரியாதையாகத்தான் இருந்தது. சம்பளச் சீட்டில் முழு ஞாயிறுக்கும் ஒரு நாள் சம்பளம்தான் வந்தது. ஆபீஸில் கேட்டால் "நீங்களே விரும்பி வந்தீர்கள்" என்று தமிழ் வரியைக் காட்டுகிறார்கள்.

செல்வம்: ஞாயிறு என்றாலே டபுள் சம்பளம்தான் தம்பி, சிங்கப்பூர்ச் சட்டம் அப்படி. விடாதே.

கவிதா (ஹெச்.ஆர்.): ஞாயிறு என்பதற்காக டபுள் இல்லை அண்ணே. அது அவருடைய வார ஓய்வு நாளாக இருக்க வேண்டும். அப்புறம், யார் கேட்டு வேலை நடந்தது என்று சட்டம் பார்க்கும். முத்துவின் பேசிக் 1,040 வெள்ளி, வாரம் 5 நாள் வேலை என்று வையுங்கள். 12 மாதச் சம்பளத்தை 260 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 48 வெள்ளி. கம்பெனி கேட்டு வந்தால் வழக்கமான நேரத்தில் பாதி வரை 48, அதைத் தாண்டினால் 96. தொழிலாளி தானே கேட்டு வந்தால் 24, 48. அந்த "விரும்புவோர்" 96ஐ 48 ஆக்கிவிட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கட்டளை போலத் தெரியக் கூடாது என்று நம்மவர்களே இப்படிக் குழைத்து எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ராஜா: எனக்கு எம்.சி. கொடுத்த நாளைச் சம்பளமில்லா லீவாகப் போட்டுவிட்டார்கள். அதுவும் இதே சட்டமா?

கவிதா: அதற்கு வேறு பிரிவு ராஜா, தனியாகக் கேளுங்கள்.

முத்து: அப்படியானால் தமிழில் எப்படி எழுதியிருக்க வேண்டும் அக்கா?

கவிதா: "நிறுவனத்தின் கோரிக்கையின் பேரில் ஞாயிறு (ஓய்வு நாள்) வேலை நடைபெறும். வர ஒப்புக்கொள்வோர் பெயர் தரவும்." கேட்டது யார், ஒப்புக்கொண்டது யார் என்று இரண்டும் தெரிகிறது. ஓய்வு நாளில் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் பொதுவாக முடியாது, அதனால் "வர வேண்டும்" என்றும் எழுத மாட்டேன். ஒட்டுவதற்கு முன், ஆங்கிலம் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, யார் கேட்கிறார்கள் என்று கேட்பேன்.

செல்வம்: எங்கள் இடத்தில் "முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும்" என்று அடியில் ஒரு வரி உண்டு. அது இருந்தால் போதுமே.

கவிதா: முத்துவின் அறிவிப்பில் அந்த வரி இருந்திருந்தால் அவருக்குத்தான் லாபம். ஆனால் தமிழை மட்டும் படிக்கிறவருக்கு முரண்பாடு இருப்பதே எப்படித் தெரியும்? முத்து, இரண்டு மொழியும் தெரிகிற மாதிரி அறிவிப்பைப் படம் எடுத்து, சம்பளச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முத்து: படம் இருக்கிறது. ஆனால் சூப்பர்வைசர் என் பெயரை எழுதிய நோட்டில் "சொந்த விருப்பம்" என்று ஒரு பத்தி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதற்கு என்ன செய்வது?

செல்வம்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!