புதுப்பிப்பு: 12 அடி மீட்டிங் அறைக்கு புரொஜெக்டர்

என் கேள்வி: "12 அடி நீள அறையில் 100 அங்குலத் திரை வருமா?"

வராது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

புரொஜெக்டரைத் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று அறிய, திரையின் அகலத்தை த்ரோ ரேஷியோவால் பெருக்கச் சொன்னவரின் வழிதான் கைகொடுத்தது. 100 அங்குலம் என்பது மூலைவிட்டம். 16:9 திரையில் அகலம் 87 அங்குலம்தான். நான் பார்த்த மாடலுக்கு ரேஷியோ 1.5. ஆக, தூரம் 130 அங்குலம், கிட்டத்தட்ட 11 அடி.

"அப்போ 12 அடிக்குள் அடங்குமே" என்றார் இன்னொருவர். பாதி சரி. தூரத்தை லென்ஸிலிருந்து அளக்க வேண்டும். அதற்குப் பின்னால் பெட்டிக்கும் கேபிளுக்கும் ஒன்றரை அடி போய்விட்டது. அதனால் 92 அங்குலத் திரை வாங்கினேன். அகலம் 80, தூரம் சரியாக 10 அடி.

எதிர்பாராதது சீலிங் ஃபேன். இறக்கை நிழல் திரையில் சுழன்றது! இப்போதைக்குக் கழற்றிவிட்டேன், கோடைக்கு வழி தெரியவில்லை. மொட்டைமாடியில் படம் போடும் நண்பருக்கு அந்தக் கவலை இல்லை.